சுவரின் பங்கு

காலை ஒன்பது நாற்பதுக்கு, எல்லோரும் திரையைக் கறுப்பாக்குங்கள் என்று மேஸ்திரி சொன்னார்.

அவர் கட்டட வேலைக்காரர் அல்ல. படங்களிலிருந்து பின்னணியை வெட்டி எடுக்கும் அந்த அறைக்கு மேற்பார்வையாளர். எந்தப் படத்தையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செங்கல் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்ப்பார். அதனால் அந்தப் பெயர்.

அறையில் ஐந்து மேசைகள். ஆன்லைனில் பொருள் விற்கும் ஒரு கம்பெனியின் படங்கள் அங்கே வரும். செருப்பு, கைப்பை, பொம்மை, தொப்பி. எல்லாம் வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுத்தவை. தாளை நீக்கிவிட்டுப் பொருளை மட்டும் மிச்சம் வைப்பது இவர்கள் வேலை. பொருளைச் சுற்றி எந்த நிறமும் இருக்காது. கண்ணாடிபோல. கம்பெனி அதைத் தன் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கம் வெள்ளை. எப்போதும் வெள்ளைதான். ஆகவே இவர்களும் வெட்டிய படத்துக்கு அடியில் வெள்ளையை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அது இந்த அறையின் வழக்கம். யாரும் கேள்வி கேட்டதில்லை.

இப்போது கம்பெனியின் ஆப்பில் பக்கம் முழுக்கக் கறுப்பாகும் டார்க் மோட் வந்திருந்தது. புகார்களும் வந்திருந்தன.

அடியில் இருந்த வெள்ளையை எடுத்துவிட்டுக் கறுப்பை வைத்தார்கள். ஐந்து திரைகளும் இருண்டன. செருப்புகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் சுண்ணாம்பால் இழுத்ததுபோல ஒரு கோடு. ரோமம் வைத்த வீட்டுச் செருப்புகள்தான் மிக மோசம். அவற்றின் விளிம்பெல்லாம் பூஞ்சை பிடித்ததுபோல இருந்தது.

"ஒரே ராத்திரியில எல்லாத்துக்கும் நரை விழுந்திருக்கு" என்றாள் பூனை. சத்தமில்லாமல் வந்து பின்னால் நிற்பவள் என்பதால் பூனை.

சிரித்தார்கள். மேஸ்திரியும் பாதி சிரித்தார். இது இன்று விழுந்த நரை இல்லை, நாம் அனுப்பிய அன்றே விழுந்தது, அப்போது வெள்ளை வேட்டியில் வெள்ளை மயிர் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார்.

பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தது. எதிர்முனையில் இருந்தவர் ஏன் கோடு போட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். மேஸ்திரி எழுந்து நின்று பேசினார். யாரும் கோடு போடவில்லை என்றார். படம் என்பது நுண்ணிய புள்ளிகள்தான். விளிம்பில் இருக்கும் புள்ளி முழுக்கச் செருப்பும் இல்லை, முழுக்கத் தாளும் இல்லை. பாதி இது, பாதி அது. கேமராவுக்கு ஒரு புள்ளியில் ஒரு நிறம்தான் வைக்கத் தெரியும். இரண்டையும் கலந்து வைத்துவிடும். வெட்டும்போது நாங்கள் அந்தப் புள்ளியைப் பாதி மறையச் சொல்கிறோம். அது பாதி மறைகிறது. ஆனால் அதன் நிறம் மாறுவதில்லை. தாளின் வெள்ளை அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் பக்கம் வெள்ளையாக இருந்தவரை வெள்ளையோடு வெள்ளை போயிற்று. பக்கத்தைக் கறுப்பாக்கினீர்கள். தாள் வெளியே வந்துவிட்டது.

எதிர்முனையில் புரிந்ததா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் இந்த வாரத்துக்குள் சரி செய்கிறோம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

நான்காவது மேசையில் இருந்தவளை அந்த அறையில் கத்தரி என்பார்கள். முடி, ரோமம், இறகு எல்லாம் அவளிடம்தான் போகும். வேறு யார் வெட்டினாலும் முடி மொட்டையாகும், அல்லது தொப்பிபோல உட்காரும். அவள் வெட்டினால் காற்றில் நிற்கும்.

அவள் திரையில் ஒரு கரடி பொம்மை இருந்தது. கறுப்பின் மேல் அதைச் சுற்றி வெள்ளைப் புகை. அவள் அதைப் பெரிதாக்கினாள். சிறிதாக்கினாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அம்மாவின் போனும் இப்படி இருட்டாக இருந்தால்? அம்மா அந்தப் படத்தைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

*

தம்பியின் படம் அது. வீட்டில் அவன் சின்னவன், இவள் பெரியவள். அந்தப் பெயர்களால்தான் அம்மா கூப்பிடுவாள்.

அவன் நெடுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். வார்டில் கூட ஒருவர்தான் இருக்கலாம். அம்மா இருந்தாள். பெரியவள் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. அந்தப் பக்கமே வரக்கூடாது என்று அவனுடைய டாக்டரும் இவளுடைய டாக்டரும் சொல்லிவிட்டார்கள். வீடியோவில் பார்த்துக்கொண்டாள். வார்டில் நெட் சரியாகக் கிடைக்காது. அவன் முகம் கட்டங்கட்டமாக உடைந்து, மறுபடி சேரும்.

மருந்தில் அவனுக்கு முடி முழுக்கக் கொட்டியது. புருவமும் போயிற்று. பிறகு மருந்தை நிறுத்தினார்கள். சில வாரம் கழித்து ஒரு காலையில் அம்மாவிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னான். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். தலையில் பூனைக்குட்டி முடிபோல ஏதோ முளைத்திருக்கிறது. சிரிக்கிறான். அந்தப் படத்தை அவனே இவளுக்கு அனுப்பினான். கீழே எழுதியிருந்தான்: விளைச்சல் ஆரம்பம். அறுவடைக்குக் கத்தரி வரவும்.

அதற்குப் பிறகு அவனை யாரும் படம் எடுக்கவில்லை. பிள்ளை பிறந்து இவள் எழுந்து நடக்கும்போது அவன் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அம்மா கேட்டாள். அந்தப் படம் வேண்டும், ஆனால் அந்த அறை வேண்டாம். கட்டில் வேண்டாம், சுவர் வேண்டாம், மருந்து தொங்குகிற கம்பி வேண்டாம். அவன் மட்டும் போதும். அம்மா அதிகம் கேட்கிறவள் இல்லை. போனில் சொல்லிவிட்டு, முடிந்தால் செய், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுச் செய் என்றாள்.

பெரியவள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார்ந்தாள். கம்பியை எடுத்தாள். தலையணையை எடுத்தாள். கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் மேல் தோலை வரைந்தாள். கடைசியாகச் சுவர். வெள்ளைச் சுவர். ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்து இன்னும் வெளுத்திருந்தது. முடியை ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். ஒன்றையும் இழக்கவில்லை. அடியில் வெள்ளையை வைத்துப் பார்த்தாள். அவன் எங்கும் இல்லாத இடத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். அவளுக்குத் தெரிந்து அதைவிட நன்றாக அவள் எதையும் வெட்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் வெறுமையான பின்னணியில் நிறம் ஏறிவிடும் என்று ஃபைலாக அனுப்பினாள்.

அன்று மாலை அம்மா பேசினாள். பிள்ளைக்குச் சளி விட்டதா என்று கேட்டாள். படம் பார்த்தாயா என்று இவள் கேட்டாள்.

"பாத்தேன்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அடுத்த நாளும் அதைப் பற்றிப் பேச்சில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அம்மாவுக்கு இப்போது அதைப் பார்க்கத் தெம்பில்லை என்று பெரியவள் எண்ணிக்கொண்டாள். தானும் கேட்கவில்லை.

*

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவள் எழவில்லை. படத்தைத் திறந்தாள். அடியில் இருந்த வெள்ளையை அணைத்தாள்.

தம்பியைச் சுற்றி வெள்ளைக் கோடு. தோளில், காது மடலில், கன்னத்தில். அது கூடப் பரவாயில்லை. தலையில் அவள் பிரித்த ஒவ்வொரு இழையும் வெளுத்திருந்தது. கிழவன் தலைபோல. அறையை எடுத்துவிட்டதாக நினைத்திருந்தாள். அறை அவன் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பின்னால் பூனை நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"யாரு இது, கத்தரி? கஸ்டமரா?"

"தம்பி."

பூனைக்கு விஷயம் தெரியும். எல்லோருக்கும் தெரியும். காலையில் நரை என்று சொன்னவள் அவள். தன் டிபன் பாக்ஸை எடுத்து இவள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மேஸ்திரி வந்தார். ஒரு கண்ணை மூடினார். பிறகு திறந்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் யார் பக்கத்திலும் உட்காருவது கிடையாது.

செருப்புகளுக்கு அவர் காலையிலேயே வழி சொல்லியிருந்தார். வெட்டை ஒரு புள்ளி உள்ளே தள்ளு. கலந்த புள்ளிகள் போகட்டும். செருப்பு ஒரு புள்ளி மெலிந்தால் யாருக்கும் தெரியாது. இதற்கு அது ஆகாது என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த முடியே ஒரு புள்ளி அகலம் இல்லை. ஒரு புள்ளி உள்ளே தள்ளினால் மறுபடி மொட்டை.

ரோமத்துக்கு வேறு வழி உண்டு. உள்ளே, நடுவில், சுத்தமான ரோமம் இருக்கும். அதன் நிறத்தை எடுத்து விளிம்புக்குக் கொடுத்துவிடலாம். தாளின் பங்கு போய்விடும். கரடி பொம்மைகளை அப்படித்தான் செய்யப்போகிறாள்.

"உள்ள சுத்தமா ஒரு இடம் எடு" என்றார் மேஸ்திரி.

"இல்லண்ணே. தேடிட்டேன்."

அவரும் தேடினார். தலை நடுவில் முடி தோலோடு கலந்திருந்தது. ஓரத்தில் சுவரோடு கலந்திருந்தது. வெறும் முடி மட்டும் இருக்கும் புள்ளி ஒன்றுகூட இல்லை. புருவத்திலும் இல்லை.

பழைய படங்களில் அவன் முடி கறுப்பு. நல்ல தடித்த கறுப்பு. அதை எடுக்கலாமா என்று மேஸ்திரி கேட்டார். எடுக்க முடியாது என்றாள். மருந்துக்குப் பிறகு வரும் முடி வேறு மாதிரி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிலருக்குச் சுருட்டையாக வரும். சிலருக்கு நிறம் மாறி வரும். அவனுக்கு எப்படி வந்தது என்று இவள் பார்க்கவில்லை. வீடியோவில் கட்டங்களைத்தான் பார்த்தாள்.

அவள் இரண்டு விதமாகச் செய்து பார்த்தாள். முடி கறுப்பு என்று வைத்துக்கொண்டால், இந்தப் புள்ளியில் முடி கால் பங்கு, சுவர் முக்கால் பங்கு. முடி செம்பட்டை என்று வைத்துக்கொண்டால், முடி பாதி, சுவர் பாதி. இரண்டையும் கலந்தால் வருவது ஒரே நிறம். மெல்லிய கறுப்பு முடியா, சற்றுத் தடித்த செம்பட்டை முடியா என்று புள்ளியைக் கேட்டால் இரண்டுக்கும் ஆமாம் என்கிறது. சுவரின் பங்கைக் கழிக்க வேண்டுமானால் முடியின் பங்கு தெரிய வேண்டும். அதைப் படம் சொல்லாது.

மேஸ்திரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இருண்ட பின்னணியில்.

கோடு இரண்டிலும் போயிருந்தது. சுவர் இரண்டிலும் இல்லை. ஆனால் கறுப்பு முடி இருட்டோடு இருட்டாகப் போய்விட்டது. தலையில் ஏதோ நிழல்போல இருந்தது, அவ்வளவுதான். செம்பட்டையில் முடி நின்றது. ஒவ்வொரு இழையாக நின்றது. விளைச்சல்.

"இது நல்லா இருக்கு" என்றார் மேஸ்திரி செம்பட்டையைக் காட்டி. பிறகு தொண்டையைச் செருமினார். நல்லா இருக்கிறது என்பதற்காக வைக்கவேண்டாம், அவன் முடியை நேரில் பார்த்தவர்களைக் கேள் என்றார்.

பார்த்தவள் ஒருத்திதான்.

*

அம்மா வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெரியவள் அலுவலகத்திலிருந்து நேராக வந்தாள். பிள்ளையைக் கணவன் பார்த்துக்கொண்டான்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணி ஒரு பக்கம் அம்மாவுடையது. இன்னொரு பக்கம் தம்பியுடைய சட்டைகள். யாரும் போடாத சட்டைகளை அம்மா துவைத்திருந்தாள். பெரியவள் அதைப் பார்க்காததுபோல உட்கார்ந்தாள்.

"பிள்ளை எங்க?"

"அவர்கிட்ட."

"அவன் பசிக்கு அழுவான். அவருக்கு என்ன தெரியும்."

"பாட்டில் இருக்கும்மா."

அம்மா டீ போட எழுந்தாள். இவள் போனைக் கேட்டாள். எதற்கு என்று கேட்காமல் அம்மா கொடுத்தாள். திரை கறுப்பு. எழுத்துகள் வெள்ளை. எல்லாமே அப்படித்தான் இருந்தது. மெசேஜ், போட்டோ, நாள்காட்டி. அம்மா போனை எப்போது இப்படி மாற்றினாள் என்று இவள் கவனித்ததே இல்லை.

படத்தைத் திறந்தாள். அலுவலகத்தில் பார்த்ததுதான். சின்னத் திரையில் இன்னும் பளிச்சென்று இருந்தது. வெள்ளைக் கோட்டுக்குள் தம்பி சிரித்தான்.

செட்டிங்கில் போய் டார்க் மோடை அணைத்தாள். திரை வெளுத்தது. படத்தைத் திறந்தாள். கோடு இல்லை. அவன் சுத்தமாக இருந்தான். இவ்வளவு எளிது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சமையலறை வாசலில் நின்று காட்டினாள். "இப்ப பாரும்மா. படத்துல தப்பில்ல. உன் போன்தான் இருட்டா இருந்துச்சு. இப்படியே வச்சுக்கோ."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். பிறகு செட்டிங்குக்குப் போனாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் பெரியவள் இதுவரை நினைத்திருந்தாள். அம்மாவின் விரல் தேடாமல் சரியான இடத்துக்குப் போனது. திரை மறுபடி கறுத்தது.

"ஏம்மா?"

அம்மா டீயை வடிகட்டினாள். இரண்டு டம்ளரிலும் ஊற்றினாள். பேசும்போது இவள் பக்கம் திரும்பவில்லை.

வார்டில் எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்களாம். அம்மா அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருப்பாள். தூக்கம் வராது. போனைத் திறந்தால் வெளிச்சம் அவன் முகத்தில் அடிக்கும். அவன் முழித்துக்கொள்வான். முழித்தால் வலிக்கும். ஒரு நாள் அவனே போனைக் கேட்டு வாங்கினானாம்.

"லாரி ஹெட்லைட் மாதிரி அடிக்குதும்மான்னான். அவனே மாத்திக் குடுத்தான். இனி எவ்ளோ நேரம் வேணா பாரு, நான் தூங்குவேன்னான்."

அம்மா டம்ளரைக் கொடுத்தாள்.

"அவன் மாத்துனத நான் எப்படி மாத்துவேன்."

பெரியவள் டீயைக் குடிக்கவில்லை. அடுப்பில் பால் பாத்திரம் சத்தம் போட்டது. அம்மா அடுப்பை அணைத்தாள்.

பிறகு கூடத்தில் உட்கார்ந்து இவள் விளக்கினாள். கோடு எங்கிருந்து வந்தது என்று. யாரும் போட்டதில்லை என்று. ஒரு புள்ளிக்குள் முடியும் சுவரும் கலந்திருக்கிறது என்று. அம்மா கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அது சுவரா?"

"ஆமா."

"அந்த ரூம் சுவரு."

"ஆமாம்மா."

"நான் பாத்தவுடனே அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் அம்மா. "உன்னால எடுக்க முடியலபோலன்னு விட்டுட்டேன். எனக்கும் கண்ண மூடுனா அதுதானே தெரியுது."

அதைச் சாதாரணமாகச் சொன்னாள். கறை போகவில்லை என்பதுபோல. மடியில் இருந்த சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

எடுத்துவிடலாம் என்றாள் பெரியவள். எடுத்தும் விட்டேன். இரண்டு விதமாக எடுத்திருக்கிறேன். ஒன்று சரி, ஒன்று தப்பு. நீ எதென்று சொன்னால் போதும்.

இரண்டையும் அம்மாவின் போனுக்கு அனுப்பினாள். இருண்ட திரையில் முதலில் கறுப்பு முடி வந்தது. அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். கோடு இல்லை. காதைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். அவள் முகம் தளர்ந்தது. இவள் அதைப் பார்த்தாள். இத்தனை நாளில் அம்மாவின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிப்போவதை முதல் தடவை பார்த்தாள்.

பிறகு அம்மா தலையைத் தேடினாள்.

"முடி?"

"இருக்கும்மா. கறுப்புல கறுப்பு தெரியல. தள்ளிப் பாரு, அடுத்தது."

அம்மா தள்ளினாள். செம்பட்டை முடி. தலையெல்லாம் மெல்ல நின்றது. அம்மா சிரித்துவிட்டாள். சத்தமில்லாத சிரிப்பு. கட்டைவிரலை அவன் தலைமேல் வைத்தாள். படம் பெரிதாகி விலகிப்போயிற்று. மறுபடி இழுத்து வைத்தாள். இந்த முறை தொடவில்லை.

இது போதும், இதுதான் என்று அம்மா சொல்லிவிடுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது. அம்மா முந்தைய படத்துக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

"இதுல எது அவன்?"

"அதத்தான் உன்ன கேக்குறேன். நீதானே பாத்த. முடி என்ன நிறம்மா வந்துச்சு?"

அம்மா போனை மடியில் வைத்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். உள்ளங்கையை மேலே திருப்பி, பிறகு கவிழ்த்தாள்.

மெத்தென்று இருக்கும் என்றாள். எட்டு மணிக்கு விளக்கு போன பிறகுதான் தொடவிடுவானாம். பகலில் தொட்டால் நர்ஸ் பார்க்கிறாள் என்று தலையைத் திருப்பிக்கொள்வான். இருட்டில் தடவிக்கொண்டே இருப்பாளாம். நெற்றிக்கு மேலே கொஞ்சம் அடர்த்தி. பின்னால் தலையணை தேய்த்து இன்னும் வரவில்லை. இடது காதுக்கு மேலே ஒரு சுழி. பழைய சுழி அதே இடத்தில் வந்திருந்தது. எதிர்த் திசையில் தடவினால் கூச்சத்தில் நெளிவான்.

"கைக்கு எல்லாம் தெரியும்" என்றாள் அம்மா.

"பகல்ல பாக்கலியா?"

"பகல்ல மானிட்டரத்தான் பாத்துட்டு இருப்பேன். அந்த நம்பரு எறங்கக் கூடாது. இல்லாட்டி அவன் வாய. சாப்பிட்டானா, வாந்தி வருதான்னு."

"படம் எடுத்த அன்னைக்கு?"

"அன்னைக்கு ஜன்னல்ல வெயில். வெயில்ல எல்லா முடியும் செம்பட்டையாத்தான் தெரியும். அதுவும் நான் முடியப் பாக்கல. ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்சான். அதப் பாத்தேன்."

வெளியே மாடிப்படியில் யாரோ பையை இழுத்துக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறியது. மேலே போய் அடங்கியது.

எதை வேண்டுமானாலும் சொல்லலாம். செம்பட்டை என்று பெரியவள் சொன்னால் அது செம்பட்டை. அம்மா நம்புவாள். தினமும் அந்த இருட்டில் அவன் முடியைப் பார்ப்பாள். கேட்க வேறு ஆள் இல்லை. பெரியவளின் நாக்கு நுனி வரை வந்தது. செம்பட்டைதான்மா, எனக்கு ஞாபகம் இருக்கு. அலுவலகத்தில் எத்தனையோ பொருளுக்கு இல்லாத நிறத்தை அவள் கொடுத்திருக்கிறாள். அந்தப் பிளாஸ்திரியின் மேல் வரைந்த தோலும் அவன் தோல் இல்லை.

அம்மா மறுபடி போனை எடுத்தாள். கறுப்பைப் பார்த்தாள். செம்பட்டையைப் பார்த்தாள். இரண்டிலும் அவன் ஒரே மாதிரி சிரித்தான். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழவே இல்லை. அவ்வளவு இருட்டாக வைத்துக் கொடுத்திருந்தான்.

பிறகு தலையை நிமிர்த்தினாள். பெரியவளை நேராகப் பார்த்தாள். கண் நம்பிக்கையோடு இருந்தது.

"நீ தினம் வீடியோல பாத்தியே. நிறம் பாக்குறதுதானே உன் வேலையே. உனக்கு என்ன நிறமா தெரிஞ்சுது?"